போர்வெல் தண்ணீர்ப் பரிசோதனை: கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட அனுபவம்

தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனாலும் காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும் ஊர்களில், வராத நாட்களில் மக்கள் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் எந்தப் போரில் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறது என்று கோடையிலும் மழைக்குப் பிறகும் பார்த்து, ஊருக்குச் சொல்வது எங்கள் டிரஸ்ட்டின் திட்டம். எங்களிடம் ஆள் உண்டு, ஆய்வுக்கூடம் இல்லை. பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல் துறையிடம் ஆய்வுக்கூடம் உண்டு, ஊரில் பழகிய ஆள் இல்லை. இரண்டு பேரும் சேர ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், அதாவது எம்ஓயு, போட வேண்டியிருந்தது.

கல்லூரி கொடுத்த வரைவு இரண்டு பக்கம். இதே மாதிரி வேலையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால், அதில் எதையெல்லாம் மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதுகிறேன்.

வரைவில் ஒரு தரப்பாகக் கல்லூரியின் பெயரும், கையெழுத்துப் போடுபவராக முதல்வரும் இருந்தார்கள். எங்களுக்கு உதவிய வக்கீல் முதலில் விரல் வைத்தது அங்கேதான். "கல்லூரியை நடத்துறது ஒரு அறக்கட்டளைங்க. சட்டப்படி தரப்பு அதுதான். முதல்வர் கையெழுத்துப் போடலாம், ஆனா அவருக்கு அந்த அதிகாரம் கொடுத்த தீர்மானத்தோட நகல் வேணும்," என்றார். எங்கள் பக்கமும் அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு நகலை இணைத்தோம். முதல்வர் மாறிப் போனாலும் ஒப்பந்தம் நிற்பதற்கு இதுதான் ஆதாரம்.

பொறுப்புகள் பகுதியில் "இரு நிறுவனங்களும் ஒருவருக்கொருவர் முழு ஒத்துழைப்பு அளிக்கும்" என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுக்க முடியாது. சாம்பிள் கிளம்பிய இடத்திலிருந்து ரிப்போர்ட் வரும் இடம்வரை நடந்து பார்த்து எழுதினோம். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கித் தருவது டிரஸ்ட். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி பாட்டில் கூடாது. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிப் பிடித்து, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுவது எங்கள் களப்பணியாளர். ஆய்வுக்கூட மேசையில் பாட்டில் ஏறி, பதிவேட்டில் கையெழுத்தானதும் பொறுப்பு கல்லூரியுடையது. ஏதாவது அளவு சந்தேகமாக இருந்தால் தவறு பாட்டிலிலா கருவியிலா என்று தேட, அந்தப் பதிவேட்டுக் கையெழுத்துதான் எல்லைக்கல்.

அதிக நேரம் பிடித்தது ரகசியம் காக்கும் பகுதி. வரைவில், திட்டத்தில் கிடைக்கும் "அனைத்துத் தகவல்களும்" ரகசியம், மறு தரப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்லக்கூடாது என்று இருந்தது. கல்லூரியின் கவலை நியாயமானது. மாணவர்கள் உழைத்த தரவு முதலில் வேறெங்கோ வந்துவிட்டால் அவர்களின் ஆய்வுக் கட்டுரை வீணாகும். ஆனால் அந்த வரியை அப்படியே ஏற்றால், இந்தப் போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அந்தப் போரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கே சொல்ல அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய அளவு கையில் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. இதைத் துறைத்தலைவர் மேடத்திடம் நேரிலேயே சொன்னேன்.

"அளவைச் சொல்லுங்க சார், யார் வேண்டாங்கறா? என் பசங்க போட்ட டேபிளும் மேப்பும்தான் வெளிய போகக்கூடாது," என்றார் மேடம். அந்தப் பேச்சிலிருந்துதான் தகவலை மூன்றாகப் பிரிக்கும் வழி கிடைத்தது.

முதல் வகை, ஒரு நீர் ஆதாரத்தின் அளவு. இது ரகசியமே இல்லை. ரிப்போர்ட் வந்த ஏழு நாட்களுக்குள் அதைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஊராட்சிக்கும் டிரஸ்ட் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அனுமதி தேவையில்லை. இரண்டாவது, பல ஊர்களைச் சேர்த்துச் செய்யும் பகுப்பாய்வு, வரைபடம். இதை முதலில் வெளியிடும் உரிமை கல்லூரிக்கு, ஆனால் களப்பணி முடிந்து பன்னிரண்டு மாதம் வரைதான். அதன்பிறகு இரு தரப்பும் பயன்படுத்தலாம். மூன்றாவது, வீட்டுக்காரர் பெயர், ஃபுளோரைடு தண்ணீரால் பிள்ளைகளின் பல்லில் விழும் கறையின் படங்கள். இது ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாத ரகசியம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கவே கூடாது. கட்டுரையில் முகமோ பெயரோ வரக்கூடாது. பல் கறையால் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் தயங்கும் ஊர்கள் இவை. ஒரு படம் வெளியே போனால் அந்தக் குடும்பம்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

காலம் இரண்டு வருடம். அதில் பெரிய பேச்சு இல்லை. முப்பது நாள் நோட்டீஸில் யாரும் விலகலாம் என்பதை மட்டும், கையில் இருக்கும் சாம்பிள்களுக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் விலகலாம் என்று திருத்தினோம். எடுத்த சாம்பிளுக்கு ரிப்போர்ட் வராமல் போனால் கோடையையும் மழைக்குப் பிந்தையதையும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

தகராறு பகுதியை வக்கீல் கிட்டத்தட்ட முழுதாக அடித்துவிட்டார். "கருத்து வேறுபாடு எழுந்தால் கல்லூரித் தாளாளரின் நடுவர் தீர்ப்புக்கு விடப்படலாம், அவர் முடிவே இறுதி" என்று இருந்தது. 'விடப்படலாம்' என்று எழுதினால் கட்டாயமான நடுவர் ஒப்பந்தமே உருவாகாது, அது பின்னால் பேசிப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத்தான் நிற்கும் என்றார். அடுத்தது, விளைவில் அக்கறை உள்ள தரப்பின் ஆளே தனி நடுவராக இருக்க முடியாது. 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தமும், 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். எங்களுக்குள் லட்சக்கணக்கில் பணம் புரளவில்லை. நடுவர் கட்டணம் கட்டும் சக்தியும் இரு பக்கமும் இல்லை. அதனால் நடுவர் முறையையே எடுத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக வந்தது இது. முதலில் இரு ஒருங்கிணைப்பாளர்கள் பதினைந்து நாளில் பேசித் தீர்ப்பது. முடியாவிட்டால் தாளாளரும் எங்கள் நிர்வாக அறங்காவலரும் இன்னொரு பதினைந்து நாள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுத்து, வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்ப்பது. அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிந்தால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஒத்துவராவிட்டால்தான் தர்மபுரி நீதிமன்றம். கூடவே நான் கேட்டு வாங்கிய ஒரு வரி உண்டு: தகராறு நடக்கும் காலத்திலும் எடுத்த சாம்பிளுக்கு ரிப்போர்ட் தருவதையும் ஊருக்கு அளவைச் சொல்வதையும் யாரும் நிறுத்தக்கூடாது.

எம்ஓயு என்றால் யாரையும் கட்டுப்படுத்தாது என்று பலர் நினைக்கிறார்கள். தலைப்பு எதுவானாலும், உள்ளே எழுதியிருப்பதையும் தரப்புகளின் நோக்கத்தையும் வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே ரகசியம், தரவு உரிமை, தகராறு ஆகிய மூன்று பிரிவுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும், மற்றவை நல்லெண்ண அடிப்படையிலானவை என்று கடைசியில் தெளிவாக எழுதிவிட்டோம். முத்திரைத்தாளில் இரண்டு அசல் பிரதிகள், பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், இணைப்பில் சாம்பிள் பதிவேட்டின் மாதிரிப் படிவம்.

முதல் கோடையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலுள்ள கைப்பம்பில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் வந்தது. மேடத்துக்குத் தகவல் மட்டும் சொல்லிவிட்டு, ஏழு நாள் கெடு முடியும் முன்பே ஊராட்சித் தலைவரிடம் கடிதம் கொடுத்தோம். அந்த வாரமே பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, குடிக்கக் கூடாது என்று எழுதினார்கள்.