பாதுகாவலர் என்ற கட்டம்

ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் உதவி அதிபராக இருந்த காலத்தில் சேர்விடாப்பு என் பொறுப்பில் இருந்தது. பிள்ளை சேர்ந்த நாள் முதல் விடுகைப் பத்திரம் வாங்கும் நாள் வரை மற்ற எல்லாப் பதிவுகளும் அந்தத் தடித்த புத்தகத்தைப் பார்த்தே எழுதப்படும். அதில் பிழை விழுந்தால் எல்லா இடத்திலும் விழும்.

மழை விடாத ஒரு காலையில், கொப்பியில் கிழித்த இரண்டு தாள்களோடு ஓர் அம்மா வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து, மடித்து, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஈரம் அலுவலகத்தில் சொட்டக் கூடாதாம். கடிதம் மகளின் கையெழுத்தில் இருந்தது. தரம் 9இல் என்னிடம் தமிழ் படித்தவள்; 'ற'வின் காலை வேண்டாத தூரத்துக்கு இழுப்பாள். முதல் தாள் முழுக்க, கொழும்பில் கடையில் வேலை செய்த கணவர் எப்படி நோயில் விழுந்தார், எப்படி இறந்தார் என்பதுதான். விடயம் கடைசி இரண்டு வரியில் இருந்தது: இனி மகளுக்குத் தான் மாத்திரமே பாதுகாவலர் என்று பதிந்து தர வேண்டும். கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் நின்று நின்று போடப்பட்டிருந்தது.

"இப்போது ஏன் திடீரென்று?" என்று கேட்டேன்.

"நேற்று பெரியப்பா வந்து விடுகைப் பத்திரம் கேட்டாராமே டீச்சர். நான் உயிரோடு இருக்கும்போது என் பிள்ளையின் பத்திரத்துக்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடலாம்?"

இடாப்பைத் திறந்தேன். தந்தை என்ற இடத்தில் கணவரின் பெயர், பக்கத்தில் 'காலமானார்'. பாதுகாவலர் என்ற கட்டத்தில் பெரியப்பாவின் பெயர். அம்மாவின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. தரம் 6இல் பிள்ளையைச் சேர்த்த நாளில் அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வந்திருந்தால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போயிருக்கும். செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவில் அரைப்பேர்கூட விழுந்திருக்காது. பெரியப்பா கூட்டிவந்து கையெழுத்துப் போட்டார். எங்கள் பழைய படிவத்தில் 'தந்தை அல்லது பாதுகாவலர்' என்றுதான் இருந்தது; தாயைக் கேட்கும் வரியே இல்லை. கேட்காமல் எழுதியது நாங்கள். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த அறையில் இருந்த இன்னோர் ஆசிரியர், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பாதுகாவலரை மாற்ற முடியாது என்றார். பல அலுவலகங்களில் இப்படிச் சொல்லித்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது பிழை. நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை இயற்கைப் பாதுகாவலர். அவர் இறந்தால் அந்த இடம் தாய்க்கு வருகிறது. தாய் வழக்குப் போட்டு வாங்க வேண்டியதில்லை. தந்தை மரண சாசனத்தில் வேறொருவரை நியமித்திருந்தாலோ, நீதிமன்றம் வேறுவிதமாகக் கட்டளையிட்டிருந்தாலோ மட்டும் நிற்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. பெரியப்பாவிடம் இருந்தது எங்கள் படிவத்தில் போட்ட ஒரு கையெழுத்து மட்டுமே.

ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டவை மூன்று: கணவரின் மரணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை. சொல்வதற்கு மூன்றுதான். மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதியப்படும். அவர் கொழும்பு வைத்தியசாலையில் இறந்தவர். அம்மாவிடம் இருந்தது வைத்தியசாலை கொடுத்த துண்டு மட்டும். அதையே சான்றிதழ் என்று நினைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இத்தனை வருடம் பத்திரப்படுத்தியிருந்தார். கொழும்பில் இருக்கும் தம்பி மகன் போய் எடுத்து அனுப்ப ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. வந்தது சிங்களத்தில் இருந்தது. எங்கள் சிங்கள ஆசிரியை பெயரையும் திகதியையும் வாசித்துச் சொன்னார்.

அடுத்த முடிச்சு மலையகத்தில் எல்லா வீட்டிலும் இருப்பது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் 'அம்மா' என்று முடிந்தது, அடையாள அட்டையில் 'அம்மாள்' என்று முடிந்தது. அந்த 'ள்' ஒன்றினால் இருவர் ஆகிவிடுவார். பெயரைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் தேவைக்கு அது வேண்டியதில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்துவரச் சொன்னேன். கிராம உத்தியோகத்தரிடமும் வதிவிடக் கடிதம் ஒன்று வாங்கிவந்தார். அதை நான் கேட்கவில்லை. இருக்கட்டும் என்று கொண்டுவந்தார்.

கடிதத்தையும் மாற்றி எழுதினோம். துக்கத்தை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளை அப்படியே கோவையில் போட்டுவிட்டு, வாங்கில் உட்காரவைத்து, புதிதாக அரைப் பக்கம் எழுதச் சொன்னேன்: பிள்ளையின் முழுப்பெயர், சேர்விலக்கம், வகுப்பு, தந்தை இறந்த திகதி, இணைத்த பத்திரங்கள், அதற்குப் பிறகு கோரிக்கை. கோரிக்கையைத்தான் நன்றாக யோசிக்க வேண்டியிருந்தது. 'மாத்திரமே' என்று எழுதினால் என்ன பொருள்? பத்திரங்களில் கையெழுத்திடுவது, பாடசாலை மாற்றுவது, பதினைந்து வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது எல்லாம் அவர் சம்மதத்தோடு மட்டும். அதுவரை சரி.

"பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. மலையில் போனுக்கு அலை இல்லை. கொழுந்து நிறுக்க இறங்கி வந்தால்தான் பார்ப்பார். கொஞ்ச நேரம் வாசலில் கிடந்த படங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளை மடுவத்து ஆயாவின் நம்பரை எழுதுங்கள் டீச்சர். அவர் எடுக்காவிட்டால் பெரியப்பாவைக் கூப்பிடுங்கள். அவர் கெட்டவர் இல்லை. தன் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல பாடசாலை இருக்கிறது என்று நினைத்தார். என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

அதனால் கடிதத்தில் இரண்டு வரிகள் தனித்தனியாக வந்தன. பாதுகாவலர் தாய் மட்டும். அவசரத்துக்கு அழைக்கவும் பிள்ளையைக் கூட்டிப்போகவும் ஆயாவும் பெரியப்பாவும். கையெழுத்திடும் உரிமை அவர்களுக்கு இல்லை. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்ததுதான் எங்கள் பழைய பிழை.

இடாப்பில் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பெரியப்பாவின் பெயர் வாசிக்கும்படியே இருக்க, மேலே சிவப்பு மையால் ஒரு கோடு. அதற்கு மேல் தாயின் பெயர், அதிபரின் சுருக்கொப்பம், திகதி; குறிப்புப் பகுதியில் கடிதம் எந்தக் கோவையில் இருக்கிறது என்பது. தந்தையின் பெயரைத் தொடவில்லை. இறந்ததனால் அவர் தந்தை இல்லாமல் போய்விடவில்லை. இதைக்கூட விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதையும் வெட்டப் பேனாவை எடுத்தவர் ஒருவர் இருந்தார்.

இடாப்பு சரியானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கை பெரியப்பாவின் பெயருக்கே போனது. வகுப்பாசிரியை தன் கொப்பியில் பழைய பட்டியலை வைத்திருந்தார். அன்றே வகுப்புப் பட்டியல், அறிக்கை, அலுவலகச் சுவரில் ஒட்டிய தொலைபேசித் தாள் மூன்றையும் இடாப்போடு ஒப்பிட்டுத் திருத்தினேன்.

அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியப்பா வந்தார். சண்டைக்கு என்று நினைத்து இடாப்பை எடுத்து மேசையில் வைத்தேன். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தன் பெயரை ஒருமுறை வாசித்தார். பிறகு அவசரத் தொடர்பு வரியில் விரலை வைத்து, "கடைசி இலக்கம் ஏழு இல்லை, ஒன்று. திருத்திவிடுங்கள் டீச்சர்" என்றார்.