ஓஃபர் லெட்டரும் ஏழு கிலோப் பையும்: வன்னியிலிருந்து முதல் முறை டுபாய் போகிறவர்களுக்கு

முதல் பயணத்தில் வரும் கரைச்சல்களில் பெரும்பாலானவை டுபாயில் தொடங்குவதில்லை. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ, சப் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளத்தை நம்பி, கையில் தந்த தாளை வாசிக்காமல் கையெழுத்து வைத்த நாளில்தான் தொடங்குகின்றன. ஆகவே ஓஃபர் லெட்டரிலிருந்தே பேசுவோம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை தருபவர், அந்த நாட்டு மனிதவள அமைச்சின் படிவத்தில்தான் ஓஃபர் லெட்டர் தரவேண்டும். 2016 முதல் அந்தப் படிவம் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்கு விளங்கும் மூன்றாவது மொழியிலும் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கென வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் உண்டு. "ஆங்கிலத்தில்தான் வரும் தம்பி, வடிவாய்த்தான் இருக்கு, சைன் பண்ணு" என்று ஒருவர் சொன்னால், தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். கொம்பனியின் பெயர் போட்ட வெறும் கடிதத்தை மட்டும் காட்டினால், அது அமைச்சின் படிவம் அல்ல.

படிவத்தில் முதலில் பார்க்கவேண்டியது அடிப்படைச் சம்பளம். மொத்தச் சம்பளத்தை அதற்குப் பிறகு பாருங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பி கட்டும் வேலைக்குப் போகும் ஒருவருக்கு "மாதம் 1,800 திர்ஹம் வரும்" என்று வாயால் சொல்லப்படுகிறது. தாளில் இருப்பது அடிப்படை 800, சாப்பாட்டுப் படி 400, மொத்தம் 1,200. மிச்சம் 600 ஓவர்டைமில் வரும் என்கிறார்கள். ஓவர்டைம் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தில்தான். 800ஐ 30 நாளாலும் 8 மணித்தியாலத்தாலும் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 3.33 திர்ஹம். அதோடு 25 வீதம் கூட்டினால் ஏறத்தாழ 4.17. நாளைக்கு இரண்டு மணித்தியாலப்படி 26 நாள் செய்தாலும் 217 திர்ஹம்தான் சேரும். 600 சேர நாளொன்றுக்கு ஐந்தரை மணித்தியாலம் கூடுதலாக நிற்கவேண்டும். சட்டமோ பொதுவாக நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் கேட்கக்கூடாது என்கிறது. இரவு பத்து மணி முதல் அதிகாலை நாலு மணிவரை செய்யும் ஓவர்டைமுக்கு 50 வீதம் கூட்டுவார்கள். அதைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு 1,800ஐத் தொடாது.

அதே 1,200ஐ முழுக்க அடிப்படை என்று எழுதியிருந்தால் மணித்தியால ஓவர்டைம் 6.25 திர்ஹம். வேலை முடித்து வரும்போது கிடைக்கும் சேவைக் கொடுப்பனவும் அடிப்படையில்தான் கணக்கு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதாவது அடிப்படை 800 என்றால் 560 திர்ஹம், 1,200 என்றால் 840. மொத்தம் ஒன்றுதான், ஆனால் எந்த வரியில் எழுதியிருக்கிறது என்பதில் இவ்வளவு காசு போகிறது. பேரம் பேசுவதென்றால் இந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்தது பெயரும் வேலையும். ஓஃபர் லெட்டர், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் தகப்பன் பெயர் ஒரு தாளில் முன்னும் இன்னொன்றில் பின்னும் வரும். 2009இல் ஆவணங்களைத் தொலைத்து, பிறகு பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுத்தவர்களுக்கு எழுத்துப் பிழை வர இன்னும் இடமுண்டு. பாஸ்போர்ட்டில் `KANDASAMY` என்றும் விசாவில் `KANTHASAMY` என்றும் இருந்தால், டிக்கட் எடுக்க முன்னரே விசாவைத் திருத்தச் சொல்லுங்கள். அதேபோல் விசாவில் "கிளீனர்" என்றும் ஓஃபர் லெட்டரில் "கம்பி கட்டுநர்" என்றும் இருந்தால் பேசாமல் ஏறவேண்டாம்.

யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர் சொல்லும் எமிக்ரேஷன் கிளியரன்ஸ், இ.சி.ஆர். முத்திரை எல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உரியவை. எங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைக்குப் போகிறவர் புறப்பட முன்னரே பதிய வேண்டும். ஏஜென்சி மூலம் போனால் ஏஜென்சியே பதியும். அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்பதை `slbfe.lk` தளத்தில் பார்க்கலாம், 1989க்கு அழைத்தும் கேட்கலாம். உறவினர் மூலம் நேரடியாக வேலை கிடைத்தவர் தானே பதியலாம். என்னென்ன தாள் வேண்டும் என்பதை பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுவிட்டுப் போனால் கொழும்புக்கு இரண்டு தரம் பஸ் ஏறத் தேவையில்லை. பதிவோடுதான் காப்புறுதியும் வருகிறது. பதிவு இரண்டு வருடத்துக்குச் செல்லும்.

"விசிட் விசாவில் போ, அங்கே மாத்தலாம்" என்பவரின் கதையில் இந்தப் பதிவுதான் இல்லை. கட்டுநாயக்காவில் கேள்வி கேட்டுத் திருப்பினால் ஏ9 வழியாக இரவெல்லாம் வந்த பயணமும் டிக்கட் காசும் போகும். தப்பிப் போய்விட்டாலும் காப்புறுதி இல்லை, அங்கே சட்டப்படி வேலை செய்யவும் முடியாது.

இனிக் கைப்பை. பல விமானங்களில் ஏழு கிலோதான் விடுவார்கள். அதில் முதல் இடம் தாள்களுக்கு: பாஸ்போர்ட், விசா, டிக்கட், பணியகப் பதிவு, கையெழுத்திட்ட ஓஃபர் லெட்டர், தொழிற்சான்றிதழ்களின் மூலப்பிரதி, வெள்ளைப் பின்னணியில் எடுத்த சில படங்கள், கொம்பனியின் முகவரியும் கூட்டிப்போக வருபவரின் எண்ணும் எழுதிய ஒரு துண்டு. இறங்கியதும் போன் வேலை செய்யாமல் போகலாம், ஆகவே எண்கள் தாளில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் ஒரு போட்டோகொப்பி வீட்டில் இருக்கவேண்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பையில் போடக்கூடாது. தண்ணீர்த் தன்மையான எதுவும் ஒரு போத்தல் 100 மில்லிலீற்றருக்குள். அம்மா இடித்துத் தரும் மிளகாய்த் தூளைப் பெரிய பையில் வையுங்கள். வெற்றிலையைக் கொண்டு போகவே வேண்டாம், டுபாயில் அது தடை. கசகசாவும் அப்படித்தான்.

மருந்து விஷயத்தில் எங்கள் பக்கத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். பழைய காயத்துக்கு ட்ரமடோல், பிரிகபலின் போன்றவை குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமீரகத்தில் அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், அனுமதியில்லாமல் கொண்டுபோனால் வழக்காகலாம். டொக்டரிடம் மாற்று மருந்து கேளுங்கள், இல்லையென்றால் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சின் முன்அனுமதி எடுங்கள். சாதாரண மாத்திரையையும் பெயர் தெரியும் பட்டியோடும் டொக்டரின் கடிதத்தோடும் வையுங்கள். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் காட்டையும் அதன் ஆங்கிலக் கடிதத்தையும் கையில் எடுங்கள். விமான நிலையக் கருவி சத்தமிடும்போதும், மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போதும் அதுதான் பேசும். ஊரவர் தரும் கட்டிய பார்சல் யாருடையதாக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் எடுக்கவேண்டாம்.

போய்ச் சேர்ந்து மெடிக்கல் முடிந்த பிறகு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் இருப்பது ஓஃபர் லெட்டரில் இருந்ததாகவே இருக்கவேண்டும், குறைத்து எழுத முடியாது. கைப்பையில் இருக்கும் பிரதியை எடுத்து, அடிப்படைச் சம்பள வரியை விரலால் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கையெழுத்து வைக்க முன்னர் அமைச்சின் 600590000 எண்ணுக்கு அழையுங்கள். பாஸ்போர்ட்டை விசா வேலைக்கென்று வாங்கினால் திருப்பிக் கேளுங்கள், அதை முதலாளி வைத்திருக்க அந்த நாட்டுச் சட்டம் விடுவதில்லை.