பழைய வீடியோக்களைக் கணக்கெடுத்தபோது: எதைப் புதுப்பித்தேன், எதை மறைத்தேன், எதை விட்டுவிட்டேன்

கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருளுக்குப் பாடம் சொல்லும் யூடியூப் சேனல் என்னுடையது. கிம்ப் 2.6 காலத்தில் ஆரம்பித்தேன், இப்போது 3.0 வந்துவிட்டது. நடுவில் போட்ட வீடியோக்கள் பலவற்றில் தெரியும் திரைக்கும் இன்றைய திரைக்கும் சம்பந்தமே இல்லை. "நீங்க சொல்ற பட்டனே எனக்கு இல்லையே" என்ற கமென்ட் அடிக்கடி வரத் தொடங்கியதும் மொத்தத்தையும் அலசிப் பார்க்க உட்கார்ந்தேன்.

மொத்தப் பார்வை எண்ணிக்கையை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். 2013-இல் ஒரே மாதம் ஓடி அடங்கிய வீடியோவும், இன்றுவரை தினமும் பத்துப் பேரைக் கூட்டிவரும் வீடியோவும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுபோலத்தான் தெரியும். எனக்கு வேண்டியது கடந்த 365 நாளும் அதற்கு முந்தைய 365 நாளும். அனலிட்டிக்ஸில் Advanced mode போய், இரண்டு காலத்துக்கும் தனித்தனியாகப் பட்டியலை இறக்கி, ஒரே ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முழு வருடமாக எடுத்தால்தான் விடுமுறைக் கால ஏற்ற இறக்கம் ஏமாற்றாது. இறக்கும் பட்டியல் 500 வரிசையோடு நின்றுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். வீடியோ அதற்கு மேல் இருந்தால் ஆண்டுவாரியாகக் குழு பிரித்து இறக்கலாம்.

ஒரு வீடியோ 30 சதவீதம் சரிந்திருக்கிறது என்றால் அது அந்த வீடியோவின் கோளாறா, சேனலே சரிந்ததா? இதைப் பிரிக்காமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. B-இல் இந்த வருடப் பார்வை, C-இல் போன வருடப் பார்வை. இரண்டு காலத்துக்கும் முன்பே வெளியான வீடியோக்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் போட்டேன்:

```
=IF(C2<100,"",(B2/C2)/(SUM(B$2:B$400)/SUM(C$2:C$400)))
```

விடை 1 என்றால் மற்றப் பழைய வீடியோக்களோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. 0.5 என்றால் அதற்கு மட்டும் ஏதோ ஆகியிருக்கிறது. வருடத்துக்கு நூறு பார்வைகூட இல்லாதவற்றில் இந்த விகிதத்துக்கு அர்த்தமில்லை என்பதால் அவற்றைக் காலியாக விட்டேன்.

இந்த எண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். படத்தின் பின்னணியை நீக்குவது பற்றிய என் 2016 வீடியோவுக்கு 1.2 வந்தது. பட்டியலைப் பார்த்தால் திடமாக நிற்கும் வீடியோ, தொடவே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் சராசரிப் பார்வை நேரத்தை வருடவாரியாகப் பிரித்தபோது வேறு கதை. ஏழு நிமிட வீடியோவை 2017-இல் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்திருக்கிறார்கள். இப்போது இரண்டு நிமிடம் சொச்சம். ரிடென்ஷன் வளைவில் இரண்டாவது நிமிடம் தாண்டியதும் செங்குத்தாக ஒரு சரிவு. அந்த இடத்தில் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கப் பெட்டியில் ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியை அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிம்ப் 2.10.18 முதல் ஒத்த கருவிகளை ஒரே பட்டனுக்குள் அடுக்கிவிட்டார்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். தேடி வருபவர் வந்துகொண்டே இருக்கிறார், பாதியில் போய்க்கொண்டும் இருக்கிறார்.

ஒரு வீடியோ தேய்வதற்கான காரணத்தை இப்படித்தான் பிரிக்கிறேன். இம்ப்ரெஷன் குறைந்து மற்றவை அப்படியே இருந்தால், அந்த விஷயத்தைத் தேடுவோரே குறைந்திருக்கலாம், அல்லது யூடியூப் வேறு வீடியோவை முன்னே தள்ளியிருக்கலாம். கிளிக் விகிதம் மட்டும் குறைந்தால் தலைப்போ தம்ப்நெயிலோ பழசாகிவிட்டது. பார்வை நேரம் மட்டும் குறைந்தால் உள்ளடக்கம் காலாவதி. மூன்றாவது வகைக்குத் தலைப்பு மாற்றுவது வீண்வேலை; உள்ளே ஏமாறப் போகிறவர்களை இன்னும் கூட்டமாக அழைத்து வரும், அவ்வளவுதான்.

அதே முகவரியில் புதுக் கோப்பை ஏற்ற யூடியூப் விடாது. எனவே முதலில் "பட்டன் தெரியவில்லையா? Shift+O அழுத்துங்கள்" என்று கமென்ட் போட்டு, அதை மேலேயே நிற்கும்படி பின் செய்தேன். அடுத்து 3.0-இல் புதிதாக எடுத்து, சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அதற்கான கார்டு வைத்தேன். டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியிலும் எண்ட் ஸ்கிரீனிலும் அதையே கொடுத்தேன். பழையதன் தலைப்பையும் தம்ப்நெயிலையும் தொடவில்லை. புதியது வந்த அன்றே பழையதை அன்லிஸ்ட் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழையது தேடலில் பிடித்து வைத்திருக்கும் இடம் புதியதற்குக் கைமாறாது. அடுத்த வரிசையில் நிற்கும் வேறு யாரோ ஒருவருக்குப் போய்விடும். டிராஃபிக் சோர்ஸில் YouTube search-ஐத் திறந்தால் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று தெரியும். "gimp background remove" என்ற தேடலில் புதியது பழையதைத் தொடர்ந்து சில மாதம் முந்திய பிறகுதான் பழையதை மறைத்தேன்.

விட்டுவிட்டவற்றில் ஒன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். மிதக்கும் தேர்வை, அதாவது floating selection என்று லேயர் பட்டியலில் வந்து நிற்குமே அதை, எப்படிச் சமாளிப்பது என்ற வீடியோ. 3.0-இல் ஒட்டினால் நேராகப் புது லேயராகவே வருகிறது, அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. விகிதம் 0.6. ஆனால் வந்த தேடல்கள் எல்லாம் "floating selection", "2.10 paste layer" என்ற மாதிரி, பார்வை நேரமும் குறையவில்லை. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள்தான் தேடி வருகிறார்கள், அவர்களுக்கு வீடியோ சரியாகவே உதவுகிறது. அதுவாக ஓயும் வரை இருக்கட்டும்.

மறைத்தவற்றில் மோசமானது, படத்தை ஜேபெக்காகச் சேமிப்பது பற்றிய 2.6 கால வீடியோ. 2012-இல் வந்த 2.8 முதல் சேமிப்பது வேறு, எக்ஸ்போர்ட் வேறு. அதை அன்றே அந்த வீடியோ மேல் அனோட்டேஷனாக எழுதி வைத்திருந்தேன். யூடியூப் 2019 ஜனவரி 15-உடன் அனோட்டேஷன்களைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. குறிப்பு போய்விட்டது, பழைய வழிமுறை மட்டும் நின்றுவிட்டது. 2019-க்கு முந்தைய வீடியோ வைத்திருப்பவர்கள், அனோட்டேஷனை நம்பி எதையாவது திருத்தியிருந்தார்களா என்று அவசியம் பார்க்கவும். எந்த எண்ணிலும் இது தெரியாது, ஓட்டிப் பார்த்தால்தான் உண்டு.

பிரைவேட் ஆக்காமல் அன்லிஸ்ட் செய்ததற்கும் காரணம் உண்டு. அதன் பார்வையில் கணிசமான பங்கு External, யாரோ தம் பாடப் பக்கத்தில் பதித்திருந்தார்கள். அன்லிஸ்ட் செய்தால் பதித்த இடத்தில் ஓடும்; பிரைவேட்டோ டெலீட்டோ செய்தால் அங்கே கருப்புப் பெட்டிதான். ஒரு எச்சரிக்கை: பார்ட்னர் புரோகிராமுக்கான 4,000 மணி நேரக் கணக்கில் பொதுவில் இருக்கும் வீடியோக்களின் நேரம் மட்டுமே சேரும். விளிம்பில் நிற்கும் சேனல் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு மறைப்பது நல்லது.

முடிந்துபோன போட்டி அறிவிப்போடு தொடங்கும் சில வீடியோக்களுக்கு எடிட்டரில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டினேன். முகவரி, கமென்ட், பார்வை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் டிஸ்கிரிப்ஷனில் உள்ள நேரக்குறிப்புகள் தானாக நகராது, கையால் திருத்த வேண்டும். பார்ட்னர் புரோகிராமில் இல்லாத சேனலில் ஒரு லட்சம் பார்வை தாண்டிய வீடியோ என்றால் இந்த வெட்டலைச் சேமிக்கவும் முடியாமல் போகலாம்.

ஷீட்டில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: என்ன மாற்றினேன், எந்தத் தேதியில். ஒரு வீடியோவில் ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். மூன்று மாதம் கழித்து, போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுவேன்.