ஒன்பது வருடம் தூங்கிய கணக்கு

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் 2015 ஆகஸ்டில் பணம் எடுத்ததோடு சரி, அந்தச் சேமிப்புக் கணக்கை நான் தொடவே இல்லை. வட்டிதான் விழுந்துகொண்டிருக்கிறதே, கணக்கு உயிரோடுதான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வங்கி தானாகப் போடும் வட்டி பரிவர்த்தனை ஆகாது. பணம் போடுவது, எடுப்பது போல நாமாக ஏதாவது செய்தால்தான் பரிவர்த்தனை. இரண்டு வருடம் அது இல்லையென்றால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் வங்கி மூலமாகத் திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல் கூடும். 2024 நவம்பரில் விடுமுறைக்கு வந்தபோது, அந்தக் கெடுவுக்குச் சில மாதங்களே பாக்கி.

கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கணக்கு எண், எந்த மாதம் வெளிநாடு போனேன், அதனால் கணக்கை இயக்க முடியவில்லை, இப்போது மீண்டும் இயக்க அனுமதிக்க வேண்டும், தற்போதைய முகவரி, கைபேசி எண். அவ்வளவுதான். கூடவே பாஸ்போர்ட், பான் அட்டை நகல்கள், ஒரு புகைப்படம். நகல்களில் கையெழுத்துப் போட்டு, அசலையும் கொண்டுபோனேன்.

சிக்கல் வந்தது பெயரில். பாஸ்புக்கில் இனிஷியலும் என் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான், கணினிக்கு வேறு வேறு ஆள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த அப்பா பெயரைக் காட்டியதும், இரண்டும் நானே என்று கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார்கள்.

அடுத்தது கையெழுத்து. கல்லூரி நாட்களில் தமிழில் முழுப் பெயர் போட்டிருக்கிறேன். இப்போது போடுவது ஆங்கிலக் கிறுக்கல். கவுன்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “சார், பழைய மாதிரியே ஒண்ணு போடுங்க, புதுசை அப்புறம் மாத்திக்கலாம்” என்றார். வெற்றுத்தாளில் நாலைந்து முறை பழகிப் பார்த்தேன். “ழ” மட்டும் கடைசி வரை வளைய மறுத்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட்டில் விசாவைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி வந்தது: “இன்னும் அங்கேதான் இருக்கீங்களா?” ஆமாம் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்காக வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். நியாயப்படி 2015-லேயே செய்திருக்க வேண்டியது. அதற்கும் அப்போதே படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஆவணங்கள் முழுதாக இருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு மூன்றாம் நாள் மதியம் குறுஞ்செய்தி வந்தது. மறுநாளே போய் ஐந்நூறு ரூபாய் எடுத்துவிட்டு, பாஸ்புக்கில் பதியக் கொடுத்தேன். ஒன்பது வருட வட்டி வரிகள் மூன்று பக்கத்துக்கு ஓடின.