தலைப்பில ஒரு கேள்விக்குறி

மாசக் கடைசி வந்தாலே ஃபீட் முழுக்க ‘இன்று நள்ளிரவு பெற்றோல் விலை குறையுமா?’ தான், சரியெண்டு கிளிக் பண்ணிப் போனா போன மாச விலை, உலகச் சந்தை நிலவரம், கடைசி வரியில ‘இன்னும் அறிவிக்கப்படவில்லை’. அட, உறுதியான தகவல் கையில இருந்திருந்தா ‘குறைகிறது’ எண்டே போட்டிருப்பாங்களே, இல்லாததாலதானே கேள்விக்குறி!

2009ல இயன் பெட்டரிட்ஜ் எண்ட பிரித்தானியப் பத்திரிகையாளர் எழுதினது இதத்தான், கேள்விக்குறியில முடியிற தலைப்புக்கெல்லாம் ‘இல்லை’ எண்டு பதில் சொல்லிடலாமாம்.

ஆனா ‘பெற்றோல் குறைஞ்சும் பஸ் கட்டணம் ஏன் குறையல?’ எண்டு போட்டுப் பாருங்க, இதுக்கு ஆம் இல்லை எண்டு சொல்லித் தப்ப ஏலாது, அதோட 138 பஸ்ஸில தொங்கிக்கொண்டு போற சனத்துக்கு ஏற்கனவே மனசில இருக்கிற கேள்வி. முதல் பந்தியிலயே ‘பஸ் ஓடுறது டீசல்ல, கட்டணத்த வழமையா வருஷத்துக்கு ஒருக்கா யூலையிலதான் திருத்துவாங்க’ எண்டு பதில் வந்திட்டா மிச்சத்தையும் சனம் வாசிக்கும். அதே தலைப்பைப் போட்டுட்டு பதிலை எட்டாவது பந்தியில, ரெண்டு விளம்பரத்துக்குக் கீழ ஒளிச்சா அதுவும் கிளிக்பெய்ட் தான் மச்சான்.

‘அமைச்சர் லஞ்சம் வாங்கினாரா?’ வகை இன்னும் மோசம், உள்ள ஆதாரம் ஒண்டுமில்ல, வாசிக்காமப் போறவன் மனசில மட்டும் வாங்கினார் எண்டு பதிஞ்சிடும்.