கணக்கு உதவியாளர் பணிக்குப் பார்வையற்ற ஒருவரை நேர்காணல் செய்த அனுபவம்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒரு தனியார் அரிசி ஆலையில் அலுவலக நிர்வாகப் பொறுப்பு என்னுடையது. குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது என்பதால், அதற்கு முன்பே ஒரு கணக்கு உதவியாளரை எடுத்துவிட வேண்டும் என்று விண்ணப்பங்களை வாங்கினோம். அவற்றில் ஒன்று முழுமையாகப் பார்வையற்ற ஒரு பெண்ணிடமிருந்து வந்திருந்தது. அவர் வணிகவியல் பட்டதாரி. திருவையாறு பக்கத்தைச் சேர்ந்தவர். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் முன்பே வேலை பார்த்தவர். அவரை நாங்கள் எப்படி நேர்காணல் செய்தோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் சிறு நிறுவனத்தாருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

விண்ணப்பம் வாங்கும் கட்டத்திலேயே ஒரு மாற்றம் செய்திருந்தோம். பழைய படிவத்தில் "உடல் குறை ஏதேனும் உண்டா?" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு ஒருவர் "ஆம்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. ஆகவே அதை எடுத்துவிட்டு, "எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் கலந்துகொள்ள உங்களுக்கு ஏதேனும் வசதி தேவையா? இந்தப் பதில் மதிப்பீட்டில் சேராது" என்று எல்லாருக்கும் பொதுவாக அச்சிட்டோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நியாயமான வசதிகளைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்று வரையறுக்கிறது. நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமையாக அது இருக்கக்கூடாது என்ற எல்லையையும் வைக்கிறது. 20 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையில், தேர்வு முறையும் தரப்படும் வசதிகளும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எங்கள் ஆலை அந்த எண்ணிக்கையைத் தாண்டியது.

அந்த வரிக்கு அவர் எழுதிய பதில் தெளிவாக இருந்தது: திரை வாசிப்பு மென்பொருள் உள்ள கணினி, யூனிகோடு எழுத்தில் கேள்வித்தாள், கூடுதல் நேரம். மருத்துவச் சான்றிதழையோ மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையோ இந்தக் கட்டத்தில் நாங்கள் கேட்கவில்லை. நேர்காணலுக்கான வசதியைத் தருவதற்கு அவருடைய வார்த்தையே போதும். பதிவேட்டுக்கு வேண்டிய ஆவணங்களைப் பணியில் சேரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தைப் பார்த்ததும் முதலாளி கேட்டது ஒன்றுதான்: "நல்லா படிச்ச பொண்ணு, சரி. எடைச் சீட்டை யாருங்க படிச்சுச் சொல்றது?" நியாயமான கேள்வி அது. ஆனால் அதற்கான விடை விண்ணப்பதாரரிடம் இருக்கவில்லை. எங்கள் ஆலையின் வேலை முறையில் இருந்தது. ஆகவே நேர்காணலுக்கு முன்பே மூத்த கணக்கரும் நானும் உட்கார்ந்து, அந்தப் பணியில் உண்மையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று எழுதினோம். ஒவ்வொன்றுக்கும், அதன் முடிவில் என்ன கிடைக்க வேண்டும், எத்தனை மணிக்குள் கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் குறித்தோம். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கவில்லை.

எடைச் சீட்டில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. நெல் ஏற்றிவந்த வண்டி எடைமேடையில் ஏறும்போது மொத்த எடையும், இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று வண்டியின் எடையும் அங்கேயுள்ள கணினியில் பதிவாகின்றன. சீட்டு அச்சாகி வருகிறது. ஈரப்பதமானியை வைத்திருப்பவர் அந்தச் சீட்டின் ஓரத்தில் ஈரப்பதத்தையும் மூட்டை எண்ணிக்கையையும் பேனாவால் எழுதுகிறார். ஈரப்பதம் சிறு விஷயமன்று. அரசு கொள்முதலில் 17 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. நாங்கள் வாங்கும் நெல்லுக்கும் அந்த எண்ணைப் பொறுத்தே கழிவு போடப்படுகிறது. அந்த எண் அன்று மாலைக்குள் சரியாகக் கணக்கில் ஏற வேண்டும் என்பது பணியின் தவிர்க்க முடியாத தேவை. அதைப் பேனா எழுத்திலிருந்து கண்ணால் படித்து ஏற்ற வேண்டும் என்பது எங்கள் பழக்கம் மட்டுமே. எடைமேடைக் கணினியிலேயே "குறிப்பு" என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. ஈரப்பதத்தை அதில் தட்டச்சு செய்தால் சீட்டிலும் அச்சாகும், கோப்பிலும் வரும். இந்த ஒன்றைக் கண்டுகொண்ட பிறகு முதலாளியின் கவலை பாதியாகக் குறைந்தது.

அடுத்து எழுத்துத் தேர்வு. ஒரு வியாபாரியின் கணக்கேட்டுப் பக்கத்தையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு, பொருந்தாத பதிவுகளைக் கண்டுபிடித்து, காரணத்தை எழுத வேண்டும். 30 பதிவுகள், அவற்றுள் வேண்டுமென்றே வைத்த 5 முரண்கள், 45 நிமிடங்கள். எங்கள் பழைய கேள்வித்தாள் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. ஆகவே திரை வாசிப்பு மென்பொருள் பொருளற்ற ஒலிக்கோவையைத்தான் படிக்கும். வங்கி அறிக்கையோ ஸ்கேன் செய்த படமாக இருந்தது. படத்தில் மென்பொருள் படிப்பதற்கு எழுத்தே இல்லை. இரண்டையும் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய எழுத்துரு. தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். நாங்கள் கேள்வியை யூனிகோடில் மீண்டும் தட்டச்சு செய்து, வங்கி அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கி, அதே தாளை எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் கொடுத்தோம். தனித் தாள் கொடுத்தால் மதிப்பெண்களை ஒப்பிட முடியாது.

கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தினோம். அது இலவசம், பென்டிரைவில் வைத்து, நிறுவாமலே இயக்கவும் முடியும். தம்முடைய குரல், வேக அமைப்புகளோடு அவர் அதைக் கொண்டுவந்தார். தேர்வுக்கு முதல் நாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து எங்கள் கணினியின் விவரங்களைச் சொன்னேன். தேர்வன்று சற்று முன்னதாக வந்து சரிபார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்தச் சரிபார்ப்பு நேரத்தைத் தேர்வு நேரத்தில் கழிக்கவில்லை. கூடுதல் நேரத்துக்கு, எழுத்துத் தேர்வுகளுக்கான 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதலை எடுத்துக்கொண்டோம்: மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். 45 நிமிடத் தேர்வுக்கு அது 15 நிமிடமாகிறது. மென்பொருள் கட்டம் கட்டமாக வாசிப்பதால் நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தையே இது ஈடு செய்கிறது. முரண்களின் எண்ணிக்கையையோ திருத்தும் அளவுகோலையோ நாங்கள் தளர்த்தவில்லை. அப்படித் தளர்த்தியிருந்தால், அவர் பெற்ற மதிப்பெண்ணை அவரே நம்ப முடியாமல் போயிருக்கும்.

நேர்காணல் அறைக்குள் நடந்துகொள்ள வேண்டிய முறையை முதலாளியிடமும் கணக்கரிடமும் முன்பே பேசிவைத்தேன். கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல் நம் முழங்கையை நீட்ட வேண்டும். ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். நடுவில் யாராவது எழுந்து போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கூட வந்திருக்கும் தந்தையிடம் பேசாமல் அவரிடமே பேச வேண்டும். இவற்றுக்கெல்லாம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கேள்விகள்தான் கடினமான பகுதி. "எப்போதிலிருந்து பார்வை இல்லை?", "வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?", "தினமும் எப்படி வந்து போவீர்கள்?" ஆகிய மூன்றும் நம் ஊரில் அன்பாகவே கேட்கப்படுபவை. அவற்றில் எதற்கும் வேலையோடு தொடர்பில்லை. மூன்றாவது கேள்விக்குப் பின்னால் மட்டும் ஓர் உண்மையான தேவை இருந்தது, அதை வேலையின் மொழியில் மாற்றி எல்லாரிடமும் ஒரேமாதிரி கேட்டோம்: "காலை 9 மணிக்கு வேலை தொடங்கும். கொள்முதல் நாட்களில் இரவு 8 வரை போகும். இந்த நேரங்களுக்கு உங்களால் வர முடியுமா?" பணிக்கு ஊரின் கடைசிப் பேருந்தை நம்பியிருக்கும் இளைஞர் ஒருவர் இந்தக் கேள்விக்குத்தான் தயங்கினார். அவருக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை.

முக்கியமான கேள்வி இதுவாக இருந்தது: "இந்தப் பணியில் அன்றாடம் உள்ள வேலைகள் இவை. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வீர்கள், அதற்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்." இதையும் எல்லாரிடமும் கேட்டோம். பெரும்பாலோர் "செஞ்சுடுவேன் சார்" என்று முடித்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பேசினார். "டேலில சில திரையை என்.வி.டி.ஏ. வாசிக்காது சார். லெட்ஜரை எக்செல்லுக்கு எடுத்துத்தான் நான் ஒப்பிடுவேன். திரும்பப் பதிய வேண்டிய திருத்தத்தைப் பட்டியலாத் தந்துடுவேன், அதை வேற ஒருத்தர் ஏத்தணும்" என்றார். தம்மால் எது முடியாது என்பதையும் அவரே சொன்னது எங்களுக்குப் பெரிதும் உதவியது. முதலாளி, "வெளியூர் தரகர்கள் கையால எழுதின துண்டுச்சீட்டு அனுப்புவாங்களே, அதை என்னம்மா பண்றது?" என்று கேட்டார். அதைக் கேட்கத் தடையில்லை. வேலையைப் பற்றிய கேள்விதான் அது. "கையெழுத்தைச் செயலி வச்சுப் படிச்சா எண் தப்பா வரும் சார், அதை நம்பி நான் பதிய மாட்டேன். தரகரை வாட்ஸ்அப்ல குரல் பதிவா அனுப்பச் சொல்லலாம்" என்றார் அவர்.

மதிப்பிடும்போது ஒரு சிக்கல் வந்தது. கணக்கர் தம் தாளில் "மிகுந்த தன்னம்பிக்கை, பாராட்டத்தக்கவர்" என்று எழுதி, பேச்சுத் திறனுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். நல்ல மனத்தோடு எழுதியதுதான். ஆயினும், எந்தப் பதிலுக்காக அந்த மதிப்பெண் என்று கேட்டபோது அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை. இரக்கத்தால் கூட்டுவதும் ஐயத்தால் குறைப்பதும் ஒரே வகைத் தவறு. இரண்டிலும் மதிப்பெண்ணுக்கு ஆதாரமான பதில் கிடையாது. ஆகவே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே விண்ணப்பதாரர் சொன்ன வாக்கியம் ஒன்றை எழுத வேண்டும் என்று முடிவு செய்து, எல்லாருடைய தாள்களையும் மீண்டும் பார்த்தோம். அவருடைய மதிப்பெண் சற்று இறங்கியது. வேறு இருவருடையதும் இறங்கியது. எழுத்துத் தேர்வில் அவர் 5 முரண்களில் 4ஐக் கண்டுபிடித்திருந்தார். அவற்றில் ஒன்று, காசோலை திரும்பிவந்த பதிவு, மற்ற எவருடைய கண்ணிலும் படாதது. மொத்தத்தில் அவரே முதலிடத்தில் இருந்தார்.

வேலை தருவதாகச் சொன்ன பிறகே வசதிகளைப் பற்றி விரிவாகப் பேசினோம். ஈரப்பதம் எடைமேடையிலேயே தட்டச்சாகும். துண்டுச்சீட்டுகளையும் டேலித் திருத்தங்களையும் ஏற்கெனவே இருக்கும் எழுத்தர் எடுத்துக்கொள்வார். அதற்கு மாற்றாக அவரிடமிருந்த நிலுவை வசூல் தொலைபேசி வேலை இவருக்கு வரும். ஒலிவாங்கியுடன் கூடிய காதணிபேசி ஒன்று வாங்குவோம். சம்பளம் அறிவித்ததேதான். இந்த ஏற்பாட்டில் எழுத்தருடைய சம்மதத்தையும் முதலிலேயே கேட்டோம். கேட்காமல் ஒருவர் மேசையில் வேலையைக் கூட்டினால், அந்த மனக்கசப்பு புதிதாக வருபவர் மேல்தான் திரும்பும். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, மின்னஞ்சலில் யூனிகோடு கோப்பாக அவருக்கு அனுப்பினோம். சம்பா கொள்முதல் தை, மாசியில் உச்சத்துக்கு வரும்போது சீட்டுகள் பல மடங்காகும்; எடைமேடையில் நிற்பவர் அவசரத்தில் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடவும் கூடும். அப்படி வரும் பதிவுகளைக் கணக்கில் ஏற்றாமல் அன்று மாலையே எடைமேடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற வரியையும், மாசி முடிவில் இந்தப் பக்கத்தை இருவருமாக மறுபடி படித்துத் திருத்த வேண்டும் என்ற வரியையும் அவர் கேட்டதன் பேரில் சேர்த்தோம்.