ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஊராட்சியில் அனுமதி வாங்கிய கதை

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு குக்கிராமம். மொத்தம் 62 வீடுகள், ஏறக்குறைய 240 பேர். கீழத்தெருவில் ஊராட்சியின் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் நேரே தெருக்குழாய்களுக்குப் போகும். இடையில் தொட்டி கிடையாது. கீழத்தெருவில் குழாய்கள் திறந்திருக்கும்வரை மேலத்தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. அதனால் மேலத்தெருப் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கே குடங்களோடு கீழே இறங்கி வருவார்கள். என் தாயாரும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் சுமந்தார்.

2022 நவம்பரில் நாங்கள் சிலர் சேர்ந்து முதல் மனுவைக் கொடுத்தோம். ஒரே பக்கம்தான். கண்மாய்க் கரையோரம் காலியாகக் கிடக்கும் இடத்தில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி கட்ட அனுமதி வேண்டும், ஊர்மக்களும் பணம் தரத் தயார் என்று எழுதி, ஐம்பது கையெழுத்து வாங்கினோம். ஒரு ஒப்பந்ததாரர் எழுதித் தந்த 14 லட்சம் ரூபாய் மதிப்பீட்டையும் இணைத்தோம். ஒரு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது.

திருப்பியதற்குச் சொன்ன காரணங்கள் மூன்று. கண்மாய்க் கரை நீர்நிலைப் புறம்போக்கு, அங்கே எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கிடையாது. தனியார் ஒப்பந்ததாரரின் மதிப்பீடு செல்லாது. ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்துத் தயாரித்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதை ஊராட்சிச் செயலர் வாயால் சொன்னார்: "கட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கட்டிய மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரிகூட இல்லையே." அன்று எனக்குக் கோபம் வந்தது. குடிநீர் தருவது ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமே சொல்கிறதே, அதை ஏன் எங்களிடம் கேட்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஏணி துருப்பிடித்து, மூடி காற்றில் பறந்து, காக்கை விழுந்து செத்துக் கிடக்கும் தொட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். கேள்வி நியாயமானது.

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் ஊரின் மேடு பள்ளத்தை அளந்தோம். எங்கள் கொத்தனார் அண்ணன் உள்ளே தண்ணீர் தெரியும் முப்பது மீட்டர் பிளாஸ்டிக் டியூப் கொண்டுவந்தார். அதில் தண்ணீரை நிரப்பி, நடுவில் காற்றுக்குமிழி இல்லாமல் தட்டித் தட்டி விட்டார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். இரு பக்கமும் தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு, அடுத்த முப்பது மீட்டருக்கு நகர்ந்தோம். கீழத்தெருக் குழாயடியில் தொடங்கிப் பிள்ளையார் கோவில் மேடு வரை போக ஒரு முழுக் காலை ஆனது. மேலத்தெரு 2.6 மீட்டர் உயரத்தில் இருந்தது, கோவில் மேடு 4.1 மீட்டர். பார்வைக்கு எல்லாம் சமதரைபோலத் தெரியும் ஊர் எங்களுடையது. கீழத்தெருக்காரர்கள் வேண்டுமென்றே தண்ணீரை மறிக்கிறார்கள் என்று இத்தனை ஆண்டுகள் நடந்த சண்டைக்கு அந்தக் கரிக்கோடுகள்தான் பதில்.

கோவில் மேட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நத்தம் புறம்போக்கு நிலம் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் வாங்கினோம். நீர்நிலையோ மேய்ச்சல் நிலமோ பாதையோ அல்ல என்பது அதில் தெளிவாக இருந்தது. இடம் ஏற்கெனவே மேட்டில் இருப்பதால் உயரமான கான்கிரீட் தொட்டி தேவைப்படவில்லை. மூன்று மீட்டர் உயர மேடை கட்டி, அதன்மேல் 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டை வைத்தால் தண்ணீர் மேலத்தெருத் தரையைவிட நாலரை மீட்டர் உயரத்தில் நிற்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. நமக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. குடத்துக்குத் தாராளமாக விழும், மாடித் தொட்டிக்கு ஏறாது. அதையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதினோம்.

கொள்ளளவையும் திருத்தினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். 240 பேருக்கு 13,200 லிட்டர் ஆகிறது. கிணறு எவ்வளவு தரும் என்று பார்க்க 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பிடித்தோம்; இரண்டரை நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 4,800 லிட்டர். நாங்கள் முதலில் கேட்ட 30,000 லிட்டர் தொட்டி நிறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்த தண்ணீரும் இரண்டு நாளைக்கு மேல் தேங்கிக் கிடக்கும். 10,000 லிட்டர் தொட்டியைக் காலையில் நிரப்பி, மாலையில் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

ஜனவரியில் பொறியாளரும் பணி மேற்பார்வையாளரும் வந்து இடத்தைப் பார்த்தார்கள். பொறியாளர் எங்கள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "சேறு வெளியேறும் வால்வை எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. தொட்டியின் அடியில் அந்த வால்வு இல்லாவிட்டால் கழுவிய அழுக்குத் தண்ணீரை வாளியால்தான் மொண்டு ஊற்ற வேண்டும். வழிந்தோடும் குழாயையும் பூட்டுப் போடும் மூடியையும் கைப்பிடியோடு கூடிய ஏணியையும் அவரே சேர்த்தார். அவர் போட்ட மதிப்பீட்டில் அடித்தளம், ஆறு தூண்கள், மேடைக்கு 2,10,000 ரூபாய், தொட்டிகளுக்கு 76,000, குழாய்களுக்கு 64,000, வால்வுகளுக்கு 18,000, ஏணிக்கும் கைப்பிடிக்கும் 22,000. ஆக மொத்தம் 3,90,000.

'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒன்று, அதாவது 1,30,000 ரூபாய், நாங்கள் கட்ட வேண்டும். தனியாக வாழும் முதியவர்களின் எட்டு வீடுகளை விட்டுவிட்டு, மீதி 54 வீடுகளில் வீட்டுக்கு 2,000 ரூபாய் வாங்கினோம். குறைந்த 22,000 ரூபாயைத் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பினார்கள். பணம் திரட்ட மூன்று வாரம்தான் ஆனது. பராமரிப்புத் திட்டத்தை எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆனது.

அதில் முதல் சிக்கல் மின்கட்டணம். தொட்டி வந்தால் கட்டணம் கூடிவிடும் என்று ஊராட்சி அஞ்சியது. மோட்டார் அதுவரை தினமும் நாலு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு ஏற்றினால் 13,200 லிட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போதும். இதைக் காட்டியதும் கட்டணத்தை வழக்கம்போல ஊராட்சியே கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது வால்வு. தொட்டி மேட்டில் இருந்தாலும் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆகவே தெருவுக்கு ஒரு வால்வு, ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். மேலத்தெருவுக்கு ஆறு மணி, கீழத்தெருவுக்கு ஏழு மணி, மாலையிலும் அதே முறை. தினமும் திருப்ப ஓர் ஆள் வேண்டும். ஊரிலேயே இருக்கும் ஓர் அக்காவை மாதம் 2,000 ரூபாய்க்குப் பேசினோம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தொட்டி கழுவ இரண்டு முறைக்கு 600. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடருக்கு 100. மாதம் 2,700 ரூபாய் செலவு. 54 வீடுகள் 60 ரூபாய் தந்தால் 3,240 வரும். மிச்சம் 540 ரூபாய் வால்வு, குழாய் பழுதுக்கு.

இங்கேதான் செயலர் மறுபடியும் நிறுத்தினார். ஊராட்சிச் சொத்தான குழாய்க்கு நாங்கள் கட்டணம் வசூலித்தால் அது தனி வரிபோல ஆகிவிடும் என்றார். அதற்காக நாலு முறை திருத்தி எழுதினோம். கடைசியில் நின்ற வாசகம் இது: தொட்டியும் மோட்டாரும் ஊராட்சியின் சொத்து, மோட்டார் பழுதும் மின்கட்டணமும் ஊராட்சியுடையவை, வால்வு ஆள், சுத்தம், மருந்து, சிறு பழுது ஆகியவற்றைக் கிராமக் குடிநீர்க் குழுவின் மேற்பார்வையில் ஊர்மக்கள் விருப்ப நிதியிலிருந்து பார்த்துக்கொள்வார்கள், நிதி தராத வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது. கடைசி வரியை நான்தான் விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்னேன். பணம் தர முடியாத மாதம் எந்த வீட்டுக்கும் வரும்.

2023 மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் வந்தது. கீழத்தெருப் பாட்டி ஒருவர் எழுந்து, "தம்பி, மேலத்தெருவுக்கு ஏற்றிவிட்டால் எங்களுக்குக் குறையுமே?" என்று கேட்டார். கரிக்கோட்டுக் கதையையும் டிரம் கணக்கையும் சொல்லி, அவருடைய தெருவுக்கு எத்தனை குடம் விழும் என்று எண்ணிக் காட்டிய பிறகே உட்கார்ந்தார். தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிக்கொண்டோம். அதன்பின் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி இரண்டும் ஜூனில் வந்தன. செப்டம்பரில் தண்ணீர் ஏறியது.

திட்டத்தில் விட்டுப்போன ஒன்று முதல் மாதத்திலேயே தெரிந்தது. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டியதால் கரையாத சுண்ணாம்பு அடியில் படிந்து குழாயில் வந்தது. இப்போது அக்கா முதல்நாள் இரவே 53 கிராமை ஒரு வாளியில் கலக்கி வைத்து, காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுகிறார். பிறகு கீழத்தெருவின் கடைசிக் குழாயில் சோதனைக் குப்பியைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, வெளுத்த மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறார். நிறம் வராத நாள்களில் உடனே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்.